நூற்று அறுபது நிமிடங்கள்

நாராயணம்மா அக்கா பட்டம் வாங்கியதை யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது. அவளைக் கேட்டால் எழுத ஒன்றுமில்லை என்பாள். நான் எழுதினால் என்னைப் பற்றித்தான் அதிகம் வரும் என்கிற பயம் எனக்கு உண்டு. முடிந்தவரை அவளைப் பற்றியே எழுதப் பார்க்கிறேன்.

என் பெயர் சென்றாயன். 1993இல் ஓசூருக்கு வந்தேன். சிங்காரப்பேட்டையில் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். கையில் பி.எஸ்சி. இருந்தது, வேலை இல்லை. சிப்காட் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் அறை எடுத்துக்கொண்டு, பகலில் கம்பெனி கம்பெனியாக விண்ணப்பம் கொடுத்தேன். மாலையில் நாலைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். அடுத்த வீட்டில் இருந்தவர்கள்தான் நாராயணம்மா அக்காவும் அவள் கணவர் முனிவேலும். அவர் கிரானைட் பட்டறையில் கல் பாலிஷ் போடுபவர். அக்கா, மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். வயது முப்பத்தொன்று.

அவள் வேலை இதுதான். விரல் தடிமனில் உருக்குக் குழாய்த் துண்டுகள் வரும், புஷ் என்பார்கள். அளவு பார்க்க அவள் கையில் இரு முனையுள்ள ஒரு கேஜ் இருக்கும். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் அந்தப் புஷ் பாஸ். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்துக்கு மேல் பார்ப்பாள். வீட்டில் தெலுங்கு என்பதால் எண்ணுவது தெலுங்கில், ரிஜிஸ்தரில் எழுதுவது ஆங்கில எண்ணில், லைன் சூப்பர்வைசரோடு பேசுவது கன்னடத்தில். படித்தது மட்டும் தமிழில்.

உத்தனப்பள்ளியில் பத்தாவது முடித்ததும் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். கம்பெனியில் சேர்ந்த பிறகு பிரைவேட்டாகப் பன்னிரண்டாவது எழுதினாள். அதன் பிறகு தபால் வழியில் பி.ஏ. வரலாறு. மூன்று வருடப் பாடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேறி, ஒரே ஒரு தாளில் நின்றுபோனாள். ஐரோப்பிய வரலாறு. முதல் முறை முப்பத்திரண்டு. இரண்டாம் முறை முப்பத்து நான்கு. தேற நாற்பது வேண்டும்.

1994இல் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாடத்திட்டம் மாறுகிறது, பழைய திட்டத்தில் இந்தத் தாளை எழுத மே மாதம்தான் கடைசி வாய்ப்பு, அதற்குப் பிறகு இதற்குப் பதிலாகப் புதிய தாள்கள் இரண்டு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா என் அறை வாசலுக்கு வந்தாள். புதுப் புத்தகம் வாங்கி, இரண்டு தாளுக்குப் படித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தன்னால் ஆகாது என்றாள். இந்த மே மாதம் போனால் அவ்வளவுதான், விட்டுவிடப் போகிறேன் என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்படிச் சாதாரணமாகச் சொல்வதற்கு எத்தனை நாள் யோசித்திருப்பாள் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

படிப்பு வரவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். புத்தகத்திலிருந்து கேள்வி கேட்டுப் பார்த்தேன். பதில் எல்லாம் வந்தது, என்னைவிட நன்றாகவே வந்தது. பிறகு போன தேர்வில் என்ன எழுதினாள் என்று கேட்டேன். தாளின் அமைப்பு அவளுக்கு மனப்பாடம். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண். பகுதி அ-வில் பன்னிரண்டு கேள்விகளில் பத்துக்கு விடை, ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண். பகுதி ஆ-வில் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றும் ஆறு. பகுதி இ-யில் ஆறில் நான்கு, ஒவ்வொன்றும் பத்து. முப்பது, முப்பது, நாற்பது.

பகுதி இ-யில் எத்தனை எழுதினாய் என்றேன். ஒன்றும், இன்னொன்றில் பாதியும் என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மூன்று மதிப்பெண் கேள்விக்கு எட்டு நிமிடம் எழுதியிருக்கிறாள். எழுதியதைப் படித்துப் பார்த்து, ஒரு வரி விட்டுப்போயிருந்தால் சேர்த்து, தேதி சரியா என்று யோசித்து, திருப்தியான பிறகுதான் அடுத்த கேள்வி. பகுதி அ முடிக்கவே எண்பது நிமிடம். பகுதி ஆ-வுக்கு எழுபது. கடைசி அரை மணியில் நாற்பது மதிப்பெண்ணுக்கான கேள்விகள் நின்றுகொண்டிருந்தன. ஏன் அப்படி என்று கேட்டால், அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

"ஓகே ஆவாத பீஸை எப்படி தம்பி அடுத்த டேபிளுக்குத் தள்றது? எட்டு வருசமா அதான செய்யறேன்."

அன்று ராத்திரி ஒரு தாளில் கணக்குப் போட்டேன். நூற்றெண்பது நிமிடத்தை நூறு மதிப்பெண்ணால் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். பகுதி அ-வுக்கு ஐம்பத்து நான்கு, ஆ-வுக்கு ஐம்பத்து நான்கு, இ-க்கு எழுபத்திரண்டு. கூட்டினால் நூற்றெண்பது. கோடு போட்டு, கட்டம் கட்டி, மறுநாள் பெருமையாகக் கொடுத்தேன். அக்கா அதை ரிஜிஸ்தரைப் பார்ப்பது போல மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"எல்லா நேரத்தையும் மெசினுக்கே குடுத்துட்டியே தம்பி. இன்ஸ்பெக்‌சனுக்கு எங்க?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் மூன்று வருடம் கல்லூரியில் எழுதிய எந்தத் தேர்விலும் இப்படி ஒரு கணக்கே போட்டதில்லை. திருப்பிப் பார்க்க நேரம் ஒதுக்கியதும் இல்லை. மணி அடிக்கும்வரை எழுதுவேன், பிடுங்கினால் கொடுப்பேன். எப்படியோ தேறினேன். என் பட்டத்துக்கு அர்த்தம் என்ன என்று நான் அடிக்கடி என்னையே கேட்டுக்கொள்கிற கேள்வி அன்றைக்கும் வந்தது. அதை விடுகிறேன்.

கணக்கை அவளே திருத்தினாள். அவர்கள் கம்பெனியில் எட்டு மணி நேர ஷிப்டில் கடைசி அரை மணி எண்ணிக்கை பார்க்க, ரிஜிஸ்தர் எழுத. பதினாறில் ஒரு பங்கு. மூன்று மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்கு என்றால் பதினொரு நிமிடம் சொச்சம். புதுக் கைக்குக் கொஞ்சம் கூட வேண்டும் என்று பதினைந்தாக்கினாள். கேள்வித்தாளை முழுக்கப் படிக்க ஐந்து நிமிடம் நான் சேர்த்தேன். ஆக இருபது போனால் நூற்று அறுபது. ஒரு மதிப்பெண்ணுக்கு 1.6 நிமிடம். பகுதி அ நாற்பத்தெட்டு, ஆ நாற்பத்தெட்டு, இ அறுபத்து நான்கு. கேள்விக்குக் கேள்வி பார்த்தால், மூன்று மதிப்பெண்ணுக்கு ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, ஆறுக்கு ஒன்பதரை, பத்துக்குப் பதினாறு.

பத்து மணிக்குத் தேர்வு. அதனால் கடிகார நேரத்தையே எழுதி வைத்துக்கொண்டோம். பத்து ஐந்துக்கு எழுதத் தொடங்க வேண்டும். பத்து ஐம்பத்து மூன்றுக்குப் பகுதி அ முடிய வேண்டும். பதினொன்று நாற்பத்தொன்றுக்கு ஆ. பன்னிரண்டே முக்காலுக்கு இ. அதிலிருந்து ஒரு மணி வரை சரிபார்ப்பு. அந்த நாலு நேரங்களையும் அக்கா சமையல் மேடைக்கு மேலே சாக்பீஸால் எழுதி வைத்தாள்.

கணக்குப் போடுவது எளிது. முதல் ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை, டைம்பீஸை எதிரில் வைத்துக்கொண்டு. பத்து ஐம்பத்து மூன்றுக்கு ஆறாவது கேள்வியில் இருந்தாள். நிறுத்து, அடுத்த பகுதிக்குப் போ என்றேன். போகவில்லை. பேனாவைப் பிடுங்கினால்தான் போவாள் போலிருந்தது. முனிவேல் அண்ணன் கட்டிலில் படுத்துக்கொண்டே, "ரசத்துல உப்பு சரியான்னு ஆறு வாட்டி நாக்குல வெச்சுப் பாக்கற பொம்பளை, நீ சொன்னா கேப்பாளா" என்றார். அவள் தலையைத் தூக்காமல், "அப்பறம் எதுக்கு மூணு வாட்டி வாங்கிக் குடிக்கறியாம்" என்றாள்.

எனக்கும் கோபம் வந்தது. மூன்று மதிப்பெண் கேள்வியை எவ்வளவு செதுக்கினாலும் மூன்றுக்கு மேல் வராது, அதில் கூடுதலாகப் போகும் மூன்று நிமிடத்தை எழுதாத கேள்விக்குக் கொடுத்தால் ஒன்றோ இரண்டோ புதிதாக வரும் என்றேன். அது அவளுக்குத் தெரியாததல்ல. கைதான் கேட்கவில்லை.

வழியை அவள்தான் கண்டுபிடித்தாள், கம்பெனியில், வேலை நடுவில். இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் பாஸ் ஆனதற்கும் ரிஜெக்ட் ஆனதற்கும் நடுவில் ஒரு மஞ்சள் டிரே இருக்குமாம். சந்தேகமான பீஸை அதில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஷிப்ட் கடைசியில் மஞ்சள் டிரேயை மட்டும் எடுத்து நிதானமாகப் பார்ப்பார்கள். லைனை நிறுத்தக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அன்று மாலை வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: திருப்தியில்லாத விடைக்குக் கீழே நாலு வரி இடம் விட்டு, ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். அது மஞ்சள் டிரே. தள்ளிவிட்டதாக ஆகாது, வைத்திருப்பதாக ஆகும்.

அடுத்த ஒத்திகையில் பகுதி அ-வில் நான்கு புள்ளி, ஆனால் பத்து ஐம்பத்தைந்துக்கு முடித்துவிட்டாள். நான்காவது ஒத்திகையில் டைம்பீஸைப் பார்க்காமலே ஆறு மதிப்பெண் விடையை ஒன்பது நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் நடுவில் முடிக்கிற அளவுக்குக் கை பழகிவிட்டது. தேர்வுக்கு முந்தின வாரம் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. என் கணக்கை நம்பி ஒருத்தர் கடைசி வாய்ப்பை எழுதப் போகிறார். அதுவரை என்னை நம்பி யாரும் எதுவும் செய்ததில்லை.

தேர்வு மையம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி. மூவரும் ஆறரை மணி பஸ்ஸில் கிளம்பினோம். முனிவேல் அண்ணன் பட்டறைக்கு லீவு போட்டிருந்தார். அக்காவின் கைக்கடிகாரம் இரண்டு நாள் முன்பு நின்றுபோனதால், அவருடைய கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்திருந்தார். அது அவள் கைக்குப் பெரிது, முழங்கை வரை ஏறி இறங்கியது. சூளகிரி தாண்டியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். படிக்கிறாளா, தூங்குகிறாளா தெரியவில்லை. எட்டே காலுக்கெல்லாம் கிருஷ்ணகிரியில் இறங்கிவிட்டோம்.

பத்து மணிக்கு மணி அடித்தது. நாங்கள் இருவரும் கேட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். என் கையில் கடிகாரம் இருந்தது. பத்து ஐந்து ஆனபோது, "இப்ப அ ஆரம்பிச்சிருப்பாங்க" என்றேன். முனிவேல் அண்ணன் என் கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அவ கணக்குல பத்தே கால் ஆயிருக்கும் இன்னேரம்."

எனக்குப் புரியவில்லை. அவர் சாவகாசமாகச் சொன்னார். எங்கள் லைன் வீட்டில் கம்பெனிக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடிகாரத்தை முன்னால் தள்ளித்தான் வைத்திருப்பார்கள். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டால் அரை நாள் சம்பளம் போகும். அதனால் ஒருவர் ஐந்து நிமிடம், ஒருவர் கால் மணி என்று அவரவர் பயத்துக்குத் தக்கபடி தள்ளி வைத்திருப்பார்கள். தன் கடிகாரத்தை அண்ணன் எப்போதும் சரியான நேரத்தில்தான் வைத்திருப்பார், அவருக்குக் கம்பெனி பஸ் கிடையாது. அக்காவுக்கும் அது தெரியும். ஆனால் நேற்று ராத்திரி அவர் யோசித்தாராம். இரண்டு முறையும் நேரம் பற்றாமல்தான் போனது. பஸ்ஸுக்குச் செய்வதைப் பரீட்சைக்கும் செய்தால் என்ன என்று, பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்.

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா அவ கழிச்சுப் பாத்துக்குவாளே. அப்பறம் தள்ளி வெச்சதுக்கு என்ன பிரயோசனம்?"

டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மணி அடித்தபோது அவள் கடிகாரத்தைப் பார்த்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும், ஆபத்தில்லை. பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சரியாக முடித்தும், பத்து நிமிடம் பின்தங்கிவிட்டதாக நினைப்பாள். பதறுவாள். பதறினால் பழைய பழக்கம் வந்துவிடுமா, இல்லை எதையாவது வெட்டிவிடுவாளா, எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு நான் விளக்க விளக்க, அவர் முகம் மெல்ல வெளுத்தது. "முன்னாலதான, சென்றாயா, வெச்சேன், பின்னால வெக்கலையே" என்று இரண்டு முறை சொன்னார்.

கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் போய், உள்ளே ஒரு சேதி சொல்ல வேண்டும் என்றோம். என்ன சேதி என்றார். மணி என்ன என்பதுதான் சேதி என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பரீட்சை நடக்கும்போது உள்ளே ஒரு துண்டுச் சீட்டு போனாலும் அது காப்பிதான், அதில் மணி எழுதியிருந்தாலும் சரி, மந்திரம் எழுதியிருந்தாலும் சரி என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

கல்லூரிச் சுவருக்கு வெளியே ஒரு புங்க மரம் இருந்தது, அதன் நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து உட்கார்ந்தோம். அண்ணன் பீடி பற்றவைத்து, பாதியில் அணைத்து, மறுபடி பற்றவைத்தார். இடையில் ஒருமுறை, அவள் சூப்பர்வைசரிடம் இந்த முறை தேறாவிட்டால் படிப்பை விடப்போவதாகச் சொல்லிவிட்டாள், உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு எச்சரிக்கை மணி அடித்தது. ஒரு மணிக்குக் கடைசி மணி.

கூட்டத்தில் கடைசியாகத்தான் வந்தாள். முதலில் கண்ணில் பட்டது அந்தக் கடிகாரம். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். நேராக வந்து அண்ணனின் சட்டைப்பையில் போட்டாள்.

"இதுல பத்து நிமிசம் எங்கிருந்து வந்துச்சு?"

அவர் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே நேரமானது. நான்தான் தாங்க முடியாமல், எல்லாம் எழுதினாயா இல்லையா என்று கேட்டேன். எல்லாம் எழுதினேன் என்றாள். அதன் பிறகு நடந்ததைக் கோவையாகச் சொன்னாள்.

மணி அடித்தபோது ஹால் டிக்கெட் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிவெண் எழுதுகிற பதற்றத்தில் அவள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. கேள்வித்தாளை முழுக்கப் படித்தாள். பகுதி அ-வைப் பழகியபடி எழுதினாள், இரண்டு புள்ளிகளோடு. முடித்துவிட்டுக் கையைத் திருப்பினால் பதினொன்று மூன்று. உண்மையில் பத்து ஐம்பத்து மூன்று. ஒரு நிமிடம் கூட முன்பின் இல்லாமல் முடித்திருக்கிறாள். அவளுக்கு அது தெரியாதே. பத்து நிமிடம் போய்விட்டது என்று நினைத்தாள். அப்போது அவள் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். திரும்பிப் பார்க்காமல், போன பத்து நிமிடத்தைச் சரிபார்ப்பு நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமல், பகுதி ஆ-வில் கேள்விக்கு இரண்டு நிமிடம் குறைத்து ஈடுகட்டிவிடுவது என்று முடிவெடுத்தாள். அப்படி எழுதி முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் சரியாகப் பதினொன்று நாற்பத்தொன்று. பிடித்துவிட்டோம் என்று நிம்மதியாகப் பகுதி இ-க்குப் போய்விட்டாள். நாலு பெரிய விடைகள், அறுபத்து நான்கு நிமிடம். கடிகாரத்தில் பன்னிரண்டே முக்காலுக்குப் பேனாவை வைத்துவிட்டுச் சரிபார்க்கத் தொடங்கினாள்.

முன்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். ஒரு கேள்விக்கு எண் தவறாகப் போட்டிருந்தாள், திருத்தினாள். பகுதி ஆ-வுக்கு வந்து எண்ணியபோது நாலுதான் இருந்தது. பதின்மூன்று, பதினான்கு, பதினாறு, பதினெட்டு. ஐந்தாவதைக் காணோம். வேகமாக எழுதிவிட்டதாக நினைத்தது வேகமே அல்ல. கை பழகின ஒன்பதரை நிமிடத்திலேயே எழுதியிருக்கிறது; நேரம் மிச்சமானது ஒரு விடை விட்டுப்போனதால். கடிகாரத்தில் அப்போது பன்னிரண்டு ஐம்பத்து நான்கு. ஆறு நிமிடம்தான் இருக்கிறது, ஆறு மதிப்பெண் நிற்கிறது.

பதினேழாவது கேள்வி வியன்னா மாநாடு. சுமாராகத் தெரியும். பகுதி இ முடிந்த இடத்துக்குக் கீழே பகுதியின் பெயரையும் எண்ணையும் போட்டு அடிக்கோடிட்டு எழுதத் தொடங்கினாள். பாதி எழுதியபோது கடிகாரம் ஒரு மணி காட்டியது. கம்பெனியில் சைரன் நேரத்துக்குக் கையை எடுத்துவிடுகிற பழக்கம். வாக்கியத்தை முடித்து, பேனாவை மூடி, தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். அறையில் வேறு யாரும் எழவில்லை. மேற்பார்வையாளர் அருகில் வந்து, "என்னம்மா, இன்னும் பத்து நிமிசம் இருக்குதே, முடிச்சிட்டியா?" என்றாராம். அவள் அவர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பது.

"உக்காந்தேன் பாரு தம்பி, என் ஜென்மத்துல அப்படி உக்காந்ததில்ல."

வியன்னா மாநாட்டை நாலு நிமிடத்தில் முடித்தாள். மீதி ஆறு நிமிடத்தில் இரண்டு புள்ளிகளுக்கும் போய், விட்டிருந்த வரிகளை எழுதி நிரப்பினாள். பதிவெண்ணை ஒருமுறை பார்த்தாள். மணி அடித்தது. அவ்வளவுதான்.

முனிவேல் அண்ணன், அப்படியானால் தான் தள்ளி வைத்தது நல்லதாகத்தான் போயிற்று என்று தொடங்கினார். அந்த விடை விட்டுப்போனதே உன்னால்தான் என்று அக்கா சொன்னதும் நிறுத்திக்கொண்டார். ஆனால் அவள் குரலில் கோபமில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தது வேறொன்றை. கம்பெனியில் எண்ணிக்கையைக் கடைசியில்தான் எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் முதலில் படித்துவிட்டுப் பிறகு எண்ணினாள். முதலிலேயே எண்ணியிருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். பரீட்சையில் முதலில் எண்ண வேண்டும், பிறகுதான் படிக்க வேண்டும், உன் டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல் என்றாள். இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதிய வேலைத் தேர்வுகளிலும் அப்படியே செய்தேன்; பதினைந்து நிமிடத்தை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதை வகுத்தேன். என் கணக்கு என்று அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வருவதில்லை.

அன்று மூவரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டோம். அக்கா இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினாள். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிவிட்டாள். தூக்கத்தில் தலை அண்ணன் தோளில் சாய்ந்திருந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஓசூர் வரும்வரை பீடி எடுக்கவில்லை.

ஆகஸ்டில் மதிப்பெண் பட்டியல் வந்தது. அவள் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினாள். நான் பிரித்துப் பார்த்து, ஐம்பத்து மூன்று என்றேன். கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாசல்படியில் வைத்தாள். எங்கே காட்டு என்று வாங்கிப் பார்த்தாள். பாடத்தின் பெயரைப் பார்த்தாள், பதிவெண்ணைப் பார்த்தாள், தேர்ச்சி என்ற சொல்லைப் பார்த்தாள். ஒரு பெரிய மூச்சு விட்டாள். அதுவரை எங்கே வைத்திருந்தாளோ தெரியாது.

உள்ளே போய், சமையல் மேடைக்கு மேலே இருந்த அந்த நாலு நேரங்களையும் ஈரத்துணியால் துடைத்தாள். சாக்பீஸ் இத்தனை மாதத்தில் சுவரில் ஊறிப்போயிருந்தது, சரியாகப் போகவில்லை. போகாவிட்டால் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். லைன் வீட்டின் கடைசி வாசலைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் கையை வீசி நடந்தது போலிருந்தது.